நாரையைத் தூது அனுப்புவது எப்படி? தூதுப் பாட்டு எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

தமிழில் தூது என்றால் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, சங்கப் பாட்டிலும் ஆழ்வார் பாசுரத்திலும் வருகிற சின்னத் தூது. பத்துப் பன்னிரண்டு அடிக்குள் ஒரு பறவையையோ மேகத்தையோ வண்டையோ கூப்பிட்டுச் சேதி சொல்லி முடிந்துவிடும். மற்றது, தொண்ணூற்றாறு சிற்றிலக்கியங்களில் ஒன்றாக எண்ணப்படும் முழு நூல். கலிவெண்பாவில் இரண்டிரண்டு அடியாக நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஓடும். தமிழ்விடு தூது 268 கண்ணி. புதிதாக எழுத வருபவர் நேராகப் பெரியதில் கைவைத்தால் இருபதாவது கண்ணியில் நின்றுவிடுவார். சின்னத் தூதில் தொடங்குவதுதான் நல்லது. பெரிய நூலின் உறுப்புகளில் பெரும்பாலானவை அதிலேயே சுருங்கிக் கிடக்கின்றன.

இங்கே நாரை வகைப் பறவை ஒன்றை எடுத்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நான்கு கண்ணியில் புதிதாக ஒன்றைக் கட்டுவோம். மேகத்துக்கும் வண்டுக்கும் முறை இதேதான். எங்கே மாறுகிறது என்பதை அவ்வப்போது சொல்லிவிடுகிறோம்.

முதலில், யார் போவது?

தூது போகத் தக்கவை என்று பாட்டியல் மரபு பத்தைச் சொல்கிறது: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை எனப்படும் நாகணவாய், பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இரத்தினச் சுருக்கம் என்ற நூல் இந்தப் பத்தையும் ஒரே வெண்பாவில் அடுக்குகிறது. பட்டியல் பிற்காலத்தது. சங்கப் பாட்டில் நாரையும் குருகும்தான் அடிக்கடி போகின்றன, அவை இந்தப் பத்தில் இல்லை. பிறகு வந்தவர்கள் புகையிலை, பணம், துகில் என்று எதையெல்லாமோ அனுப்பினார்கள். ஆகவே பட்டியலை வேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் அது அந்தப் பக்கம் போகுமா? தூதுப் பாட்டு நிற்பதும் விழுவதும் இதில்தான். நாரை மீன் தேடிப் போகிறது. மேகம் காற்றுப் போகிற பக்கம் போகிறது. வண்டு தேனுக்குப் போகிறது. அதன் சொந்த வேலையின் வழியில் தலைவனின் ஊர் இருக்க வேண்டும். அப்போதுதான் தலைவி கேட்பது சின்ன உதவியாகிறது: போகிற வழிதானே, ஒரு வார்த்தை சொல்லேன். பறவைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் தலைவிக்காகவே பறந்தால் அது கூலியாள் ஆகிவிடும், பாட்டில் ஏக்கம் போய்விடும்.

இதைக் கொண்டே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். வண்டு நெடுந்தூரம் போகாது. தோட்டத்துக்குத் தோட்டம் போகும், பக்கத்து ஊர் வரைக்கும் நம்பலாம். ஆனால் மற்ற எதற்கும் இல்லாத ஒரு வசதி அதற்கு உண்டு: தலைவன் மார்பில் கிடக்கும் மாலையிலேயே போய் உட்காரலாம், காவலனைக் கேட்க வேண்டியதில்லை. கிளியும் பூவையும் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும். அவற்றிடம் சேதியை நேர் வாக்கியமாகக் கொடுக்கலாம். நாரை பேசாது, ஆகவே அது கண்டதைத்தான் சொல்ல முடியும் என்பதுபோல எழுதினால் பொருந்தும். மேகம் எவ்வளவு தூரமும் போகும். ஆனால் கார்காலத்தில்தான் போகும், அந்தக் காலமே தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவம். அதனால் மேகத்தைப் பார்த்ததும் பேச்சில் பாதி, ‘நீ வந்துவிட்டாய், அவர் வரவில்லையே’ என்று போய்விடும். தென்றல் தெற்கிலிருந்து வருவது. தலைவன் தெற்கே இருக்கிறான் என்று எழுதிவிட்டுத் தென்றலை அனுப்பினால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். வடக்கே போகிற சேதி என்றால் மட்டும் அதைக் கூப்பிடுங்கள்.

நிலமும் பார்க்க வேண்டும். கிளியும் மயிலும் குறிஞ்சிக்கு இயல்பு. நாரையும் அன்னமும் வயலும் நீர்த்துறையும் உள்ள இடத்துக்கு. தினைப்புனத்துப் பெண் நாரையைத் தூது விட்டால், அது ஏன் அங்கே வந்தது என்பதற்கே இரண்டு அடி செலவாகும்.

பறவை எப்படிப் பேசும், எப்படிக் கேட்கும் என்ற சங்கடம் வேண்டாம். கேட்பது போலவும் சொல்வது போலவும் அஃறிணைப் பொருள்களைப் பாடலாம் என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. வாசகர் அதைக் கேள்வி கேட்கமாட்டார். நாரைக்கு அங்கே என்ன வேலை என்பதைத்தான் கேட்பார்.

ஒரு பழைய பாட்டை அக்கக்காகப் பார்ப்பது

எழுதுவதற்கு முன் நற்றிணை 70ஆம் பாட்டை நாலைந்து முறை வாய்விட்டுப் படியுங்கள். வெள்ளிவீதியார் பாடியது.

சிறுவெள்ளாங் குருகே சிறுவெள்ளாங் குருகே
துறைபோகு அறுவைத் தூமடி அன்ன
நிறங்கிளர் தூவிச் சிறுவெள்ளாங் குருகே
எம்மூர் வந்துஎம் உண்துறைத் துழைஇச்
சினைக்கெளிற்று ஆர்கையை அவரூர்ப் பெயர்தி
அனைய அன்பினையோ பெருமற வியையோ
ஆங்கண் தீம்புனல் ஈங்கண் பரக்கும்
கழனி நல்லூர் மகிழ்நர்க்குஎன்
இழைநெகிழ் பருவரல் செப்பா தோயே.

ஒன்பதே அடி. முதல் மூன்று அடியும் கூப்பிடுவதற்கே போய்விட்டன. குருகே என்று மூன்று முறை. பறந்துவிடப் போகிற பறவையைக் கையாட்டி நிறுத்துகிற பரபரப்பு அதில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு உவமை: துறையில் வெளுத்து மடித்த துணி போன்ற இறகு. இது புகழ்ச்சிதான், ஆனால் குருகைத் தவிர வேறு எந்தப் பறவைக்கும் பொருந்தாத புகழ்ச்சி. ‘அழகிய பறவையே’ என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அடுத்த இரண்டு அடியில் குருகின் அன்றாட வேலை வருகிறது. எங்கள் ஊருக்கு வருகிறாய், எங்கள் துறையில் துழாவுகிறாய், சினை நிறைந்த கெளிற்று மீனைத் தின்கிறாய், அவர் ஊருக்குத் திரும்புகிறாய். மீனுக்குக்கூடப் பெயர் இருக்கிறது, அது சினை மீன் என்பதும் இருக்கிறது. இந்தத் துல்லியத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எங்கள் மீனைத் தின்றாய் அல்லவா, அப்படியானால் எனக்கு ஒன்று கடன்பட்டிருக்கிறாய்.

ஏழாம் அடிதான் பாட்டின் முதுகெலும்பு. அங்கே உள்ள நீர் இங்கே வந்து பரக்கிறது. இரண்டு ஊரும் ஒரே நீர்வழியில் இருப்பதால் குருகு வந்து போவது இயல்பாகிறது. தனியாக வழி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதோடு, அவர் ஊர்த் தண்ணீர்கூட இங்கே வருகிறது, அவர் வரவில்லை என்ற குறையும் சொல்லாமலே வந்துவிடுகிறது.

சேதி எவ்வளவு? ‘என் இழைநெகிழ் பருவரல்.’ அணிகள் கழன்று விழும்படி மெலிந்த துன்பம். மூன்றே சொல். அதையும் ‘போய்ச் சொல்’ என்று அவள் கேட்கவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டாயே, அது அன்பா, மறதியா என்று சண்டை பிடிக்கிறாள். தூது அனுப்பும் பாட்டு என்றால் ஏவல் வாக்கியம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஏவலைக் குறையாக மாற்றியதும் பாட்டுக்கு ஒரு பழைய உறவின் சூடு வந்துவிடுகிறது.

இந்தப் பாட்டிலிருந்து எடுக்க வேண்டிய உறுப்புகள் ஐந்து: விளி, அந்தப் பறவைக்கே உரிய ஒரு அடையாளம், அதன் சொந்த வேலை, இரண்டு ஊரையும் இணைக்கும் ஒன்று, சேதி. கடைசியது எல்லாவற்றிலும் சிறியதாக இருக்க வேண்டும்.

ஊர் தூரமாக இருந்தால்

நீர்வழி இல்லாத தொலைதூரத்துக்கு வழி சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டியது புறநானூறு 67. இது காதல் பாட்டு அல்ல, பிசிராந்தையார் சோழனுக்கு அன்னச் சேவலிடம் நட்பின் சேதி சொல்லி அனுப்புவது. ஆனாலும் வழி சொல்லும் கலைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை. குமரித் துறையில் அயிரை மீனைத் தின்றுவிட்டு வடமலைக்குப் போகிறாய், இடையில் சோழநாடு வரும், கோழி என்னும் உறந்தையில் உயர்ந்த மாடத்தில் உன் பெடையோடு இளைப்பாறு, வாயிலில் நின்று சொல்லிவிடாமல் நேரே அரண்மனைக்குள் போ, கிள்ளியின் காதில் படும்படி ‘இரும்பிசிர் ஆந்தை அடியுறை’ என்று சொல். புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம், நடுவில் ஒரு தங்கல். அவ்வளவுதான். பறவையின் பயணம் குமரியிலிருந்து வடமலைக்கு. சோழநாடு அதன் இடையில் வருகிற ஒரு நிறுத்தம் மட்டும்.

சின்னத் தூதில் ஒரு தங்கலுக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது ஊர் வந்ததும் பாட்டு ஊர்ப்பெயர் வரிசையாகத் தொடங்கும். வைக்கிற ஒன்றில் பறவை என்ன செய்யும் என்று சொல்லுங்கள். இளைப்பாறும், நீர் குடிக்கும், பெடையோடு தங்கும், ஏதாவது ஒன்று.

போய்ச் சேர்ந்த பிறகு ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பது அடுத்த சிக்கல். இதில் சத்திமுத்தப் புலவரின் ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’ என்ற தனிப்பாடலை மிஞ்ச முடியாது. அங்கே தூது கணவனிடமிருந்து மனைவிக்குப் போகிறது. சத்திமுத்தத்து வாவியில் தங்கு, நனைந்த சுவரும் கூரையுமாக இருக்கிற வீட்டில், பல்லி சொல்லும் சகுனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என் மனைவி என்கிறார். அவள் எப்படி இருப்பாள், என்ன நிறம், என்ன கண் என்று ஒரு சொல் கிடையாது. அவள் அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையே அடையாளம். நாரைக்கு முகம் தெரியாது, ஆனால் கூரைப் பல்லிக்குக் காதுகொடுத்து உட்கார்ந்திருப்பவளைத் தெரியும். வறுமையும் காத்திருப்பும் அதே அடியில் வந்துவிட்டன என்பது கூடுதல் லாபம். அங்கேயும் நாரை சொல்ல வேண்டியது, கூடல் என்னும் மதுரையில் வாடையில் நடுங்கிக் கிடக்கும் ஏழை ஒருவனைக் ‘கண்டனம்’, அதாவது கண்டோம், என்பது மட்டுமே. பேசாத பறவைக்குக் கண்டதைச் சொல்லும் வேலைதான் பொருந்தும் என்று மேலே சொன்னது இதுதான்.

கூலியும் மிரட்டலும்

பிசிராந்தையார் அன்னத்துக்குக் கூலி பேசுகிறார்: உன் பெடை அணிந்துகொள்ளச் சோழன் நல்ல அணிகலன் கொடுப்பான். கூலி அந்தப் பறவைக்குப் பொருந்துவதாகவும், முடிந்தால் அதன் இணைக்குப் போவதாகவும் இருந்தால் நல்லது. இணையோடு இருக்கும் பறவையைப் பார்த்து இணையில்லாதவள் பேசுகிறாள் என்பது அதில் தானாகவே தெரியும்.

நம்மாழ்வார் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். திருவாய்மொழியில் முதல் பத்தின் நான்காம் திருமொழி முழுக்கத் தூதுதான். நாரையில் தொடங்கிக் குயில், அன்னம், அன்றில், குருகு, வண்டு, கிளி, பூவை, வாடை, கடைசியில் சொந்த நெஞ்சு என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறாள் தலைவி. பூவையிடம் வரும்போது பொறுமை போய்விடுகிறது. என் நோயைச் சொல் என்றேன், சொல்லாமலே இருந்துவிட்டாய், நானோ தளர்ந்துபோனேன், ‘இனியுனது வாயலகில் இன்னடிசில் வைப்பாரை நாடாயே’ என்கிறாள். இனி உனக்குச் சோறு ஊட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள். வீட்டில் வளர்த்த பூவையிடம் மட்டும்தான் இந்தப் பேச்சு எடுபடும். வயல் நாரையிடம் இப்படிச் சொன்னால் அது பறந்து போய்விடும். கூலியோ மிரட்டலோ, பேசும் ஆளுக்கும் பறவைக்கும் உள்ள உறவிலிருந்து வர வேண்டும்.

இனி எழுதுவோம்

சூழலை முதலில் உரைநடையில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். நம் பாட்டுக்கு அது இப்படி: வயலோரப் பெண், தினமும் வந்து மீன் தேடும் நாரையிடம், அவன் ஊர் வரை போய்வருகிறாயே, கழன்று விழுகிற வளையைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவனிடம் சொல், மீன் முழுக்க உனக்குத்தான் என்கிறாள். இந்த வாக்கியத்தில் ஐந்து உறுப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதது யாப்பில் போனபிறகு வந்து சேராது.

அடுத்து யாப்பு. தூதின் கண்ணி என்பது இரண்டு அடி, அடிக்கு நான்கு சீர். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். இரண்டு அடியின் முதல் சீரும் தனிச்சொல்லும் ஒரே எதுகையில் இருக்க வேண்டும். சீருக்குச் சீர் வெண்டளை ஓட வேண்டும், கண்ணி முடிந்து அடுத்த கண்ணி தொடங்கும் இடத்திலும்தான். கடைசி அடிக்கு மட்டும் மூன்றே சீர், தனிச்சொல் கிடையாது.

வெண்டளையின் விதி சின்னது. மாவில் முடிந்த சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்தில் முடிந்ததற்குப் பின் நேர் வர வேண்டும், காயில் முடிந்ததற்குப் பின்னும் நேர் வர வேண்டும். தமிழ்விடு தூதின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பழகலாம்:

சீர்கொண்ட கூடற் சிவராச தானிபுரந்
தேர்கொண்ட சங்கத் திருந்தோரும் – போர்கொண்

சீர்கொண்ட என்பது காய்ச்சீர், ஆகவே அடுத்து ‘கூ’ என்று நேர். கூடற் தேமா, ஆகவே அடுத்து ‘சிவ’ என்று நிரை. சிவராச காய், பின்னே ‘தா’ நேர். இப்படியே ‘போர்’ வரை போகிறது. சீர், தேர், போர் என்று எதுகை மூன்று இடத்திலும் நிற்கிறது.

நம் பாட்டு:

வெள்ளைச் சிறகுடைய மென்னாராய் மீன்தேடிப்
பள்ளக் கழனியெலாம் பார்ப்பாயே – உள்ளம்
கரைய இருப்பவளைக் கண்டும் அவரூர்
வரையும் பறந்து வருவாய் – உரையாது
வந்தால் வழியேது வாய்திறந்து சொல்லிவிடு
‘சிந்தும் வளையெடுத்துச் சேர்க்கின்றாள்’ – தந்தேன்
கெளிறெல்லாம் உன்றனுக்கே கேட்டுவந்து சொன்னால்
குளிரும் எனக்கிவ் வுயிர்.

முதல் கண்ணி விளிக்கும் அதன் வேலைக்கும் போனது. ‘வெள்ளைச் சிறகு’ கொஞ்சம் பொதுவான அடையாளம், கொக்குக்கும் பொருந்தும். ‘மீன்தேடி’ வந்ததும் ஓரளவு சரியாகிறது. வெள்ளிவீதியாரின் வெளுத்த துணி அளவுக்கு இது வரவில்லை என்பது வெளிப்படை. உங்கள் பாட்டில் இந்த இடத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் கண்ணியில் குறை வருகிறது: கண்டும் சொல்லாமல் போய்வருகிறாய். ‘உரையாது’ என்ற தனிச்சொல் முன் கண்ணிக்கும் பின் கண்ணிக்கும் பாலமாக இருப்பதைக் கவனியுங்கள். உரையாது வந்தால் வழியேது என்று பொருள் ஓடுகிறது. தனிச்சொல்லை எதுகைக்காக மட்டும் வைத்துப் பொருளை அங்கே நிறுத்திவிட்டால், கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும்.

மூன்றாம் கண்ணியில் சேதி, மூன்றே சீரில். தன்னையே ‘சேர்க்கின்றாள்’ என்று படர்க்கையில் சொல்கிறாள், ஏனென்றால் அது நாரை கண்டு சொல்ல வேண்டிய வாக்கியம். ஏங்குகிறாள், வாடுகிறாள் என்று எழுதியிருந்தால் நாரைக்கு அது தெரிய வழியில்லை. கீழே விழுந்த வளையைக் குனிந்து எடுப்பது வயலில் நிற்கும் பறவைக்கும் தெரியும். நான்காம் கண்ணி கூலி. கெளிறு நற்றிணையிலிருந்து வாங்கியது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும்.

தளை தட்டும் இடம் ஒன்றையும் காட்டிவிடுகிறோம். முதல் அடியை ‘வெள்ளை இறகுடை நாராய் மீன்தேடி’ என்று தொடங்கத்தான் கை போகும், படிக்கவும் நன்றாக இருக்கிறது. வெள்ளை தேமா, பின்னே ‘இற’ நிரை, சரி. இறகுடை கருவிளம், பின்னே ‘நா’ நேர், சரி. நாராய் தேமா, பின்னே நிரை வர வேண்டும், ‘மீன்’ நேராக நிற்கிறது. மா முன் நேர் வந்தால் அது ஆசிரியத்தளை, வெண்பாவுக்குள் வரக்கூடாது. வாய்விட்டுச் சொன்னால் அந்த இடத்தில் நடை தடுக்குவதும் கேட்கும். நாராய் என்பதை மென்னாராய் என்று ஒரு அசை கூட்டியதும் அது காய்ச்சீராகி, பின்னால் நேர் வர இடம் கிடைத்துவிட்டது. வெண்டளைப் பழுதில் பாதியை இப்படி ஒரு அசை கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். மீதியைச் சொல்லை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். சொல்லை உடைத்து இழுத்து நிரப்பினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசிச் சீருக்குத் தனி விதி. நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘எனக்கிவ் வுயிர்’ என்று பிரித்ததால் ‘வுயிர்’ ஒரே நிரை அசையாக, மலர் என்ற வாய்பாட்டில் முடிகிறது.

எங்கே கெடுகிறது

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நாராய் என்ற இடத்தில் ‘கிளியே’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். யாப்பு உடையும், அது பரவாயில்லை. பொருள் உடையாமல் நின்றால்தான் பாட்டு தோற்றது என்று பொருள். நம் பாட்டில் மீன், கழனி, கெளிறு என்று கிளி மூன்று இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து அடிகளை எண்ணுங்கள். சேதிக்குப் பாதிக்கு மேல் போயிருந்தால், அது தூதுப் பாட்டாக இல்லை, தலைவி புலம்பும் பாட்டின் தலையில் ஒரு பறவை ஒட்டியிருக்கிறது. புதிதாக எழுதுவோரிடம் மிகவும் அதிகமாகக் காணும் பழுது இதுதான். முதல் அடியில் கூப்பிடப்பட்ட பறவை மறுபடி தலைகாட்டவே காட்டாது. சேதியைக் குறைக்க மனமில்லாவிட்டால், துன்பத்தைத் தூது போகும் பொருளின் வழியாகவே காட்டலாம். ஆண்டாள் மேகத்திடம் பேசும்போது, கொசு மொய்த்து உள்ளே தின்றுவிட்ட விளாங்கனிபோல் மெலிந்தேன் என்கிறாள். ‘உலங்குண்ட விளங்கனிபோல்’ என்ற இரண்டு சீரிலேயே வேலை முடிந்துவிடுகிறது. மேகத்தை ‘சலங்கொண்டு கிளர்ந்தெழுந்த தண்முகில்காள்’ என்று அதே பாசுரத்தில் கூப்பிடுகிறாள். அங்கே நீர் நிரம்பிய மேகம், இங்கே உள்ளீடு இழந்த பழம். இரண்டும் எதிரெதிராக நிற்பதால் கூடுதல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

காலத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். மேகம் கார்காலத்தில், வாடை குளிரில், தென்றல் இளவேனிலில். வண்டை அனுப்பினால் அந்தப் பருவத்தில் பூக்கிற ஒரு பூவின் பெயராவது பாட்டில் இருக்கட்டும்.

பதில் வந்ததா என்று எழுத வேண்டாம். சின்னத் தூது பறவை பறப்பதற்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம்.

நான்கு கண்ணியை நூலாக்க

நான்கு கண்ணி சரியாக வந்துவிட்டால் அதை நீட்டலாம். நீட்டும் இடங்கள் மரபில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கின்றன. விளியை நீட்டினால் தூதுப்பொருளின் பெருமை, இது பெரிய தூதுகளில் நீண்டு செல்லும் பகுதி. அதன் முடிவில் மற்றவற்றைத் தள்ளுவது வரும்: வண்டை அனுப்பலாம் என்றால் மது உண்டு மயங்கும், நெஞ்சை அனுப்பலாம் என்றால் அவரிடமே தங்கிவிடும், ஆகவே உன்னையே நம்பினேன் என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணி போதும். குறை அந்தந்தப் பொருளின் இயல்பிலிருந்து வர வேண்டும், சும்மா வசையாக இருந்தால் எடுபடாது.

தலைவனின் ஊரை நீட்டினால் தசாங்கம்: மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, குதிரை, யானை, கொடி, முரசு, ஆணை. பிறகு அவன் உலா வந்ததும் அவள் கண்டு மயங்கியதும். அதன்பிறகு அவன் எப்போது தனியாக இருப்பான், எந்த நேரத்தில் சொல்லலாம், எந்த நேரத்தில் வாய் திறக்கக்கூடாது என்ற அறிவுரை.

சேதியை மட்டும் அங்கேயும் நீட்ட வேண்டாம். பெரிய தூதில் கடைசியில் கேட்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: அவன் மார்பு மாலையை வாங்கி வா. இரத்தினச் சுருக்கத்தின் வெண்பா ‘தூதுரைத்து வாங்கும் தொடை’ என்று முடிவது இதற்காகத்தான், தொடை என்பது மாலை. நாரையைக் கொண்டு முழு நூல் எழுதினால் அந்த மாலை என்ன பூவில் கட்டியது என்பதைத் தசாங்கத்தில் மாலை வரும் கண்ணியிலேயே சொல்லிவிடுங்கள், முடிவில் அதே பூ வரட்டும்.